குப்பியில் அச்சிடாத தேதி

மருத்துவமனை பார்மசியில் பயிற்சிக்கு வருபவரிடம் இன்சுலின் ஃப்ரிட்ஜை ஒப்படைத்தால், அவர் குப்பிகளை எண்ணி ரெஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்து, பேட்ச் நம்பரைக் குறித்துக்கொள்வார். இது எளிய பகுதி. எக்ஸ்பயரி 11/2027 என்றிருந்தால் நவம்பர் மாதக் கடைசி நாள் வரை மருந்து செல்லும். முதலில் தீரும் தேதிதான் முன்வரிசைக்கு வர வேண்டும். நேற்று வந்த பெட்டியின் எக்ஸ்பயரி பழைய பெட்டிக்கு முந்தியதாகவும் இருக்கலாம் என்பதால், வந்த வரிசையை நம்பி அடுக்கக் கூடாது.

ஆனால் அந்தத் தேதி, திறக்காமல் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருந்த குப்பிக்கு மட்டுமே. வார்டில் மார்ச் 5 அன்று முதல் ஊசி குத்திய குப்பியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இன்சுலின்களுக்குத் திறந்த பிறகு கெடு சுமார் 28 நாள். அதாவது இந்தக் குப்பி ஏப்ரல் 2-க்கு மேல் ஆகாது, அச்சிட்டது 2027 ஆனாலும். ரப்பர் மூடியை ஊசி துளைக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழைய வழி உண்டு. உள்ளே இருக்கும் பாதுகாப்பு மருந்து அதை ஓரளவே சமாளிக்கும். வெளி வெப்பத்தில் இன்சுலின் புரதமும் மெல்லச் சிதையும். திறந்த தேதி எழுதாத குப்பி கண்ணில் பட்டால், விலையைப் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

உறைதல் இன்னும் நயவஞ்சகமானது. ஃப்ரீசரை ஒட்டி வைத்த குப்பி இரவில் உறைந்து காலையில் உருகிவிடும். வெண்மையான இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டினால் சீராகக் கலங்க வேண்டும். கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் படிந்து நின்றாலோ அது கெட்டது. தெளிவான இன்சுலினோ உறைந்தும் தெளிவாகவே தோன்றலாம். ஆகவே கண்ணைவிட, இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டரே சாட்சி. பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால், உறைந்திருக்கக்கூடிய குப்பி எதுவும் வார்டுக்குப் போகாது.

கடைசியாக லேபிளில் உள்ள செறிவு. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட குப்பிகளே அதிகம். 100 யூனிட் குப்பியும் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 20 யூனிட் தர வேண்டியவருக்கு, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால் அரை மில்லி வரும், அதில் 50 யூனிட். இரண்டரை மடங்கு, சர்க்கரை அபாயகரமாகத் தாழும். இரண்டு வகையையும் வெவ்வேறு தட்டில் வைத்து, குப்பியோடு அதற்குரிய சிரிஞ்சையும் சேர்த்தே வார்டுக்குக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.