வாக்-இன் கிளம்புமுன் பி.எஃப். கணக்கைப் பாருங்கள்

"200 காலியிடங்கள், ஃப்ரெஷர்கள் வரலாம், சம்பளம் 15,000 முதல் 30,000 வரை." வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு அறிவிப்பு வந்ததும் விழுப்புரத்துப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே சென்னைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். டிக்கெட் எடுக்குமுன் செல்போனில் அரை மணி நேரம் தேடினாலே அந்த நிறுவனத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

முதலில் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேண்டும். 'முன்னணி நிறுவனம்' என்று மட்டும் போட்டிருந்தால், கன்சல்டன்சி ஆள் பிடிக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். போன் போட்டு, "சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும்?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் போக வேண்டாம்.

பெயர் தெரிந்ததும், அது பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் mca.gov.in தளத்தில் தேடுங்கள். பதிவான ஆண்டு, முகவரி, இன்னும் இயங்குகிறதா என்பதெல்லாம் வரும். 'பதினைந்து வருட அனுபவம்' என்று விளம்பரம் செய்த நிறுவனம் போன வருடம்தான் பதிவாகியிருந்தால், காரணம் கேட்க வேண்டிய இடம் அது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பி.எஃப். அலுவலகத் தளத்தில் உள்ள Establishment Search. பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பி.எஃப். கட்டியாக வேண்டும். நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்த மாதச் சம்பளத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள் என்பது தெரியும்.

ஒரு நிறுவனம் மாதாமாதம் 50 பேரை எடுப்பதாக வாக்-இன் நடத்துகிறது என்று வையுங்கள். பி.எஃப். பட்டியலிலோ ஆறு மாதமாக 60 பேர்தான். அப்படியென்றால் சேர்கிறவர்கள் தங்குவதில்லை, அல்லது அவர்களை வேறொரு ஒப்பந்தக்காரர் பெயரில் வைத்திருக்கிறார்கள். பணம் கட்டிய தேதி இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் சம்பளமும் இழுபறியாக இருக்க வாய்ப்புண்டு. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சிலர் இந்தக் கணக்கில் வராமல் இருக்கலாம் என்பதால், எண்ணிக்கை குறைவு என்பதை வைத்து மட்டும் நிறுவனத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வியாக அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு முகாமுக்கும் இதே வழிதான். தமிழக அரசு நடத்தும் முகாம்களின் விவரம் tnprivatejobs.tn.gov.in தளத்தில் கிடைக்கும். கலந்துகொள்ளும் நிறுவனங்களின் பெயர் முன்கூட்டியே தெரிந்தால், உங்கள் படிப்புக்குப் பொருந்துகிற நாலைந்தை மட்டும் இப்படிச் சரிபார்த்து, காலையில் கூட்டம் சேருமுன் அந்த மேசைகளுக்கு முதலில் போய்விடுங்கள். எல்லா மேசையிலும் பயோடேட்டா கொடுத்துவிட்டு வருவதில் பெரிய பயன் இல்லை.

அரசு முகாமில் வேலை தேடுவோருக்குக் கட்டணம் கிடையாது. பதிவு, பயிற்சி, டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.