தினமும் 1.5 ஜிபி: கையில் கிடைப்பது எவ்வளவு?

299 ரூபாய், 28 நாள், தினமும் 1.5 ஜிபி என்று ஒரு பிளான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 42 ஜிபி; ஒரு ஜிபிக்கு ஏழு ரூபாய்தான். ஆனால் இந்த வகை பிளான்களில், அன்று செலவழிக்காத டேட்டா பெரும்பாலும் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும். மறுநாள் கணக்கில் சேராது.

வார நாட்களில் அலுவலக வைஃபை இருப்பதால் 0.3 ஜிபி, சனி ஞாயிறுகளில் 2 ஜிபி தேவைப்படுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வார நாட்களுக்கு 6 ஜிபி. எட்டு விடுமுறை நாட்களில் வரம்பு 1.5 ஜிபி என்பதால் 12 ஜிபி. ஆக, அவருக்கு உண்மையில் கிடைப்பது 18 ஜிபி. ஒரு ஜிபி ஏறக்குறைய 16.60 ரூபாய். வரம்பு தாண்டியதும் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வீடியோ ஓடாது. கூடுதல் டேட்டா பேக் வாங்கினால் அந்தச் செலவையும் இதில் சேர்க்க வேண்டும். இவருக்குத் தினசரி வரம்பில்லாத, மொத்தமாக 25 ஜிபி தரும் பிளான் சற்று விலை கூடுதலானாலும் பொருந்தும்.

வேலிடிட்டியை மாதமாக எண்ணாதீர்கள். 28 நாள் பிளானுக்கு ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், அதாவது 3,887 ரூபாய். 30 நாள் பிளான் ஒன்றாவது தர வேண்டும் என்று 2022-இல் டிராய் உத்தரவிட்டதும் இதனால்தான். விலையை நாட்களால் வகுத்தே ஒப்பிடுங்கள்.

போன் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பயன்பாடு தெரியும். ரீசார்ஜுக்கு முன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.