ஆறே தாவலில் நூறாவது எண்

1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக் கூட்டி வளர்வது ஃபிபனாச்சி வரிசை. நூறாவது எண் வேண்டுமென்றால் நூறு கூட்டலுக்குள் கிடைத்துவிடும். ஆனால் நிரல் போட்டிகளில் 10^18-ஆவது எண்ணைக் கேட்பார்கள். அதையும் 1000000007-ஆல் வகுத்தால் வரும் மீதியாக. நொடிக்கு நூறு கோடி முறை கூட்டும் கணினிக்கும் அதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

குறுக்கு வழி அணிகளில் இருக்கிறது. மேல் வரிசையில் 1, 1, கீழ் வரிசையில் 1, 0 என்று ஓர் அணியை எழுதுங்கள். அதை அடுத்தடுத்த இரு ஃபிபனாச்சி எண்களோடு பெருக்கினால், ஜோடி ஓரிடம் முன்னே நகர்கிறது. ஆகவே அணியின் n-ஆவது அடுக்குக்குள் F(n) உட்கார்ந்திருக்கும். அடுக்கை ஒவ்வொன்றாக ஏற்றத் தேவையில்லை. 50-ஆவது அடுக்கு கையில் இருந்தால், அதை அதனோடே ஒருமுறை பெருக்க 100-ஆவது வந்துவிடும். (2-இன் அடுக்குகளை இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக் காணும் முறை பிங்கலரின் வடமொழி யாப்பு நூலிலேயே இருக்கிறது.)

அணியை அதனோடு பெருக்கி விரித்தால் இரண்டே வாய்பாடுகள் மிஞ்சும்:

```
F(2k)   = F(k) × (2F(k+1) − F(k))
F(2k+1) = F(k)² + F(k+1)²
```

100-ஐப் பாதியாக்கிக்கொண்டே, மீதியை விட்டுவிட்டு, கீழே இறங்கினால் 50, 25, 12, 6, 3, 1. இனி ஏற வேண்டியதுதான். F(6) = 8, F(7) = 13 என்பது வரை வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். F(12) = 8 × (26 − 8) = 144. F(13) = 64 + 169 = 233. அடுத்தது 25, ஒற்றைப்படை. இரட்டித்தால் கிடைப்பது F(24) = 46368, F(25) = 75025; இரண்டையும் கூட்டினால் F(26) = 121393. ஜோடியை ஓரிடம் நகர்த்தியாயிற்று. F(50) = 75025 × (242786 − 75025) = 12586269025. இன்னொரு தாவலில் F(100) = 354224848179261915075. மொத்தம் ஆறு தாவல். 10^18-க்கும் 59 தாவல்தான்.

ஆனால் இந்தக் கணக்கு தாவல்களை மட்டுமே எண்ணுகிறது. எண்களின் நீளத்தை அல்ல. பத்து லட்சமாவது ஃபிபனாச்சி எண்ணை முழுதாக எழுதினால் 208988 இலக்கங்கள். அங்கே பத்தொன்பது தாவல்களில் நேரத்தைத் தின்பவை கடைசிச் சில பெருக்கல்கள்தான். மீதி மட்டும் போதுமென்றால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் வகுத்துவிடலாம். எண் வளராது, வேகமும் குறையாது.

பிழை வருவதும் இந்த இடத்தில்தான். மீதிகளை வைத்துக் கழிக்கும்போது 2F(k+1) − F(k) சில சமயம் எதிர்மமாகிவிடும். C போன்ற மொழிகளில் `%` குறி அதை எதிர்மமாகவே திருப்பித் தரும். விடை கழித்தல் குறியோடு வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். வகுக்கும் எண்ணை ஒருமுறை கூட்டிவிட்டு மறுபடி மீதி எடுத்தால் சரியாகிவிடும்.