தவணையைக் குறைத்துக் கேட்பது எப்படி?

குழுக்கடன் வாங்கிய குடும்பத்தில் சம்பாதிக்கிற மனிதர் மாதக்கணக்கில் படுத்துவிட்டால், வசூல் நாளன்று சென்டர் கூட்டத்திற்குப் போகாமல் ஒளிந்துகொள்வதும், வேறொரு நிறுவனத்தில் புதுக்கடன் வாங்கிப் பழைய தவணையைக் கட்டுவதும்தான் சாதாரணமாக நடக்கிற காரியங்கள். மூன்றாவது வழி ஒன்றுண்டு. தவணையைச் சிறிது காலத்துக்குக் குறைக்கும்படி எழுத்து மூலமாகக் கேட்பது. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட நுண்கடன் விதிமுறைகளின்படி, திருப்பிச் செலுத்தச் சிரமப்படுகிற கடன்தாரர்களை அடையாளங்கண்டு, அவர்களுடன் பேசி, இருக்கிற வழிகளை எடுத்துச் சொல்வதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆனால் தவணையைக் குறைத்தே தீர வேண்டுமென்ற நிர்ப்பந்தம் நிறுவனத்துக்கு இல்லை. ஆகையால் பலன் முழுவதும் நாம் முன்வைக்கும் யோசனையைப் பொறுத்ததாகிறது.

உதாரணத்துக்கு, விழுப்புரம் பக்கத்துக் கிராமமொன்றில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் 24 சதவீத வட்டியில், 24 மாதத் தவணையில், 50,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 2,644 ரூபாய். பத்துத் தவணை கட்டியாகிவிட்டது. அசல் பாக்கி சுமார் 32,000. கொத்தனாரான கணவர் காசநோயினால் நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை. சிகிச்சை முடிய இரண்டு மாதமும், அதன்பின் உடம்பு தேறிச் சாரம் ஏற நான்கு மாதமும் ஆகுமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தையலில் வருவது மாதம் 8,000. சாப்பாடு, கேஸ், பள்ளிச் செலவு, ஆஸ்பத்திரிக்குப் பஸ் எல்லாம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 1,500.

அந்த 1,500-ஐயே மாதாமாதம் வாங்கிக்கொள்ளும்படி கேட்கலாமென்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்படிக் கட்டினால் 14 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 28 மாதம் வரை நீள்வதோடு, வட்டியும் சுமார் 5,100 ரூபாய் கூடுதலாகும். மிஞ்சுகிற பணம் முழுவதையும் கொடுத்துவிடுவதால், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலே வாக்குத் தவற நேரும். இதற்கு மாறாக, ஆறு மாதம் 1,000 ரூபாய் வீதம் கட்டி, கணவர் வேலைக்குப் போன பிறகு பழைய 2,644-ஐயே தொடர்வதாகச் சொன்னால், கடன் 19 மாதத்தில் தீர்ந்துவிடும். கூடுதல் வட்டி சுமார் 3,000-தான். சலுகைக்கு ஒரு முடிவுநாள் தெரிவதால், கிளை மேலாளரும் மேலிடத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய எளிதாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 640 ரூபாய். அதற்குக் குறைந்த தொகையைக் கேட்டால் கடன் கரைவதற்குப் பதிலாக வளரும்.

விண்ணப்பத்தின் சாரம் இவ்வளவுதான்: “என் கணவர் காசநோய்ச் சிகிச்சையில் இருக்கிறார், ஆறு மாதத்துக்குக் கனமான வேலை கூடாதென்ற மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். இப்போது எங்கள் வருமானம் 8,000; அத்தியாவசியச் செலவு 6,500. வருகிற ஆறு தவணைகளை 1,000 ரூபாயாகக் குறைத்து, ஏழாவது மாதம் முதல் பழைய தவணையைச் செலுத்த அனுமதிக்கும்படி வேண்டுகிறேன். புதிய தவணை அட்டவணையையும், கூடுதல் வட்டி எவ்வளவு என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதனுடன் கடன் அட்டையின் நகலையும் சேர்த்துக் கிளை மேலாளரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வசூலுக்கு வருகிறவர் வாய்மொழியாகச் சொல்லும் சம்மதம் செல்லாது. குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு கணக்கில் பாக்கியென்று எழுதிக்கொண்டே போனால், 90 நாள் கடந்ததும் அது வாராக்கடனாகிவிடும். பழையதை அடைத்துப் பெரிய கடனாக மாற்றித் தருகிறேன் என்று சொன்னாலும், பாக்கி கூடுகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. தவணைச் சலுகை கடன் வரலாற்று நிறுவனங்களின் பதிவில் ஏறி, அடுத்த கடனைத் தாமதிக்கச் செய்யவும் கூடும். அதையும் அறிந்தே கேட்க வேண்டும்.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்வதையும், மிரட்டுவதையும், உறவினரை அலைக்கழிப்பதையும் மேற்சொன்ன விதிமுறைகள் தடை செய்கின்றன. நிறுவனத்திடம் புகார் எழுதி 30 நாளாகியும் பதிலில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம், cms.rbi.org.in என்ற தளமும் 14448 என்ற தொலைபேசி எண்ணும் அதற்காகவே உள்ளன. எப்படியாயினும், முதல் தவணை தவறுவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்; நாணயமாகக் கட்டிவந்த பத்து மாதக் கணக்குக்கு அப்போதுதான் மதிப்பு அதிகம்.