அந்த 48 இலக்கம் எங்கே இருக்கிறது?

பயோஸ் புதுப்பிப்பு முடிந்து மடிக்கணினி தானாகவே மறுபடி இயங்கத் தொடங்குகிறது. வழக்கமான நுழைவுத் திரை வரவில்லை. அதற்குப் பதிலாக ‘BitLocker recovery’ என்ற தலைப்போடு ஒரு நீலத் திரை வந்து நிற்கிறது. ‘Enter the recovery key for this drive’ என்கிறது. பயனர் தினமும் அடிக்கிற கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை, பின் எண்ணையும் ஏற்கவில்லை. அது கேட்பது 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புச் சாவி.

இந்தத் திரையைப் பார்த்துத் திகைக்கிற பலருக்கு, தங்கள் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியவருகிறது. அவர்கள் யாரும் பிட்லாக்கரை இயக்கியதில்லை. விண்டோஸே இயக்கியிருக்கிறது. தகுதியுள்ள கணினிகளில் ‘Device encryption’ என்ற பெயரில் இது விண்டோஸ் 8.1 காலத்திலிருந்தே இருந்துவருகிறது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, 24H2 பதிப்பு அந்தத் தகுதி நிபந்தனைகளைத் தளர்த்தியது. அந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் பெரும்பாலும் மறையாக்கம் தானாகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மீட்புச் சாவியும் அந்தக் கணக்குக்குப் போய்ச் சேரும். தேடலுக்கு முக்கியமான செய்தி இதுதான்: சாவி பெரும்பாலும் எங்கோ பத்திரமாகவே இருக்கிறது. எந்தக் கணக்கில் என்பதுதான் கேள்வி.

பயோஸை மாற்றியதற்கு வட்டு ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும்? வட்டைத் திறக்கும் சாவி, கணினியில் உள்ள டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு மட்டுமே பிரிக்கக்கூடிய விதத்தில் முத்திரையிடப்பட்டிருக்கிறது. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும், எந்த ஃபர்ம்வேர் ஓடியது, செக்யூர் பூட் எந்த நிலையில் இருந்தது என்பவற்றை எல்லாம் அளந்து அந்தச் சில்லின் பதிவேடுகளில் குறித்துவைக்கிறார்கள். அளவுகள் முன்பு இருந்தபடியே இருந்தால் முத்திரை தானாகப் பிரியும். பயனருக்கு எதுவும் தெரியாது. மாறியிருந்தால் பிரியாது. திருடியவன் தொடக்க நிரலை மாற்றியிருக்கிறானா, உரிமையாளர் நியாயமாகப் புதுப்பித்தாரா என்று சில்லுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே மீட்புச் சாவியைக் கேட்கிறது.

ஒருவர் கணினியில் பயோஸ் புதுப்பித்தால் ஒன்றும் ஆவதில்லை, இன்னொருவர் கணினியில் நீலத் திரை வருகிறது. இதற்கும் காரணம் உண்டு. செக்யூர் பூட் ஒழுங்காக இயங்கும் கணினியில் பிட்லாக்கர் வழக்கமாக 7, 11 என்ற இரண்டு பதிவேடுகளை மட்டுமே பார்க்கிறது. ஏழாவது பதிவேடு செக்யூர் பூட்டின் நிலையையும் அதன் சான்றுப் பட்டியல்களையும் குறிப்பது. ஃபர்ம்வேர் நிரல் மட்டும் மாறினால் அங்கே சலனம் இருக்காது. புதுப்பிப்பு செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலோ அந்தப் பட்டியலை மாற்றினாலோதான் சிக்கல். மற்ற கணினிகளில் 0, 2, 4, 11 ஆகிய பதிவேடுகள் பார்க்கப்படுகின்றன. பூஜ்ய எண் பதிவேடு ஃபர்ம்வேர் நிரலையே அளப்பது. அங்கே எந்தப் புதுப்பிப்பும் சாவியைக் கேட்க வைக்கலாம்.

வேறு ஒரு வழியிலும் இது நேரும். ஏ.எம்.டி. செயலி கொண்ட மேசைக்கணினிகளில் டி.பி.எம். தனிச் சில்லாக இல்லாமல் செயலிக்குள்ளேயே ஃபர்ம்வேராக இருக்கிறது, எஃப்.டி.பி.எம். என்பார்கள். பயோஸ் புதுப்பித்த பிறகோ செயலியை மாற்றிய பிறகோ அங்கே ஒரு கறுப்புத் திரை வருவதுண்டு. எஃப்.டி.பி.எம். அமைப்பு மாறிவிட்டது, அதை அழித்துப் புதிதாக்க Y விசையை அழுத்தவும், பழையதை வைத்திருக்க N விசையை அழுத்தவும் என்று அது சொல்கிறது. பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் கணினி தொடங்காது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. அவசரத்தில் பலர் Y-ஐ அழுத்திவிடுகிறார்கள். அதோடு சில்லில் இருந்த சாவி போய்விடும். பிறகு அந்த 48 இலக்கம் ஒன்றே வழி. சாவி கையில் இல்லாதவர் N-ஐ அழுத்திவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்று பார்ப்பதே சரி.

பயனர் எதையுமே தொடாதபோதும் இது நடந்திருக்கிறது. 2024 ஜூலை 9 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு சில கணினிகள் மீட்புத் திரையில் போய் நின்றதை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் புதுப்பிப்பில்தான் அதைச் சரிசெய்தது.

இனி தேடல். சென்னையில் ஓர் அம்மாவிடம் இருக்கும் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். வாங்கிய அன்று மகள்தான் அதை அமைத்துக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அப்போது அம்மாவுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாததால் மகள் தன் கணக்கையே போட்டார். அம்மாவுக்கென்று தனிக் கணக்கு பிற்பாடு சேர்க்கப்பட்டது. இப்போது நீலத் திரை வந்ததும் அம்மா தன் செல்பேசியில் தன் கணக்கைத் திறந்து பார்க்கிறார். சாவி எதுவும் இல்லை. மகளை அழைக்கிறார்.

“அந்தத் திரையிலே Recovery key ID-னு ஒரு வரி இருக்கும், அதில முதல் எட்டு எழுத்தை மட்டும் படிச்சுச் சொல்லும்மா.”

அம்மா படிக்கிறார்: 5F3A91C2. இது சாவி இல்லை, சாவியின் அடையாளம். மகள் தன் செல்பேசியில் aka.ms/myrecoverykey என்ற முகவரிக்குப் போய், தன் கணக்கால் நுழைகிறார். கணக்கில் பதிவான எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்ததும் ஒரு பட்டியல் விரிகிறது. அதில் கணினியின் பெயர், சாவியின் அடையாளம், 48 இலக்கச் சாவி, சாவி பதிவேறிய தேதி ஆகியவை வரிசையாக இருக்கின்றன. ஒரே கணினிக்கு இரண்டு மூன்று சாவிகள் இருக்கலாம். விண்டோஸை மறுபடி நிறுவியிருந்தால் பழையவையும் அங்கேயே கிடக்கும். கணினியின் பெயரைப் பார்த்து எடுக்கக் கூடாது. 5F3A91C2 என்று தொடங்கும் வரியில் உள்ள சாவிதான் இந்த வட்டைத் திறக்கும்.

பெரும்பாலான குடும்பங்களில் சிக்கல் இப்படித்தான் அவிழ்கிறது. முதன்முதலில் கணினியை அமைத்தது யார்? மகனா, அண்ணனா, விற்ற கடைக்காரரா, முன்பு அதை வைத்திருந்தவரா? அவர் கணக்கில் தேட வேண்டும். 24H2 பதிப்பில் மீட்புத் திரையே சாவி இருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பற்றி ஒரு குறிப்பைக் காட்டுவதால் வேலை எளிதாகியிருக்கிறது.

அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சலால் எப்போதாவது அந்தக் கணினியில் நுழைந்திருந்தால் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கலாம். aka.ms/aadrecoverykey என்ற முகவரியில் அந்த மின்னஞ்சலால் நுழைந்து பார்க்கலாம். அங்கே காட்டாவிட்டால் நிறுவனத்தின் ஐ.டி. பிரிவைக் கேட்க வேண்டும். ப்ரோ பதிப்பில் பிட்லாக்கரைத் தானே இயக்கியவர்கள் சாவியை அச்சிட்டோ பென் டிரைவில் சேமித்தோ இருப்பார்கள். அந்தக் கோப்பின் பெயர் ‘BitLocker Recovery Key’ என்று தொடங்கும்.

சாவியை அடிக்கும்போது பதற்றம் வேண்டாம். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது விதி. எடுத்துக்காட்டாக 283657 என்பது 11 × 25787. அதனால் ஓர் இலக்கம் தவறினாலும் அந்தத் தொகுதியிலேயே தெரிந்துவிடும். எந்தத் தொகுதியும் 720885-ஐத் தாண்டாது. ஆகவே 8 அல்லது 9 என்று தொடங்கும் தொகுதி இருந்தால் கையெழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்று பொருள். எண் விசைகள் வேலை செய்யாவிட்டால் F1 முதல் F10 வரையுள்ள விசைகளை அழுத்தலாம். F10 என்பது பூஜ்யம். தவறாக அடித்தால் கோப்புகள் அழிந்துவிடாது.

உள்ளே நுழைந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. புதிய அளவுகளுக்கேற்ப முத்திரையை மறுபடி இட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சாவியைக் கேட்கக்கூடும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் பிட்லாக்கரை நிறுத்தி மறுபடி இயக்கினால் போதும்:

```
manage-bde -protectors -disable C:
manage-bde -protectors -enable C:
```

டி.பி.எம். அழிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பின் எண்ணும் செல்லாமல் போயிருக்கும். கணக்கின் கடவுச்சொல்லால் நுழைந்து புதிதாக அமைக்க வேண்டியிருக்கும்.

சாவி எங்குமே இல்லை என்றால்? உடனே விண்டோஸை அழித்து நிறுவ இறங்கக் கூடாது. முதலில் பயோஸ் அமைப்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும். புதுப்பிப்பு எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோனதில் செக்யூர் பூட்டோ டி.பி.எம். சில்லோ அணைந்திருக்கலாம். இன்டெல் பலகைகளில் டி.பி.எம். PTT என்ற பெயரில் இருக்கும். அவற்றை முன்பு இருந்தபடி இயக்கினால், அளவுகள் பழையபடி பொருந்தி, சாவி கேட்காமலே கணினி திறந்துவிடுவதுண்டு. பழைய பயோஸுக்குத் திரும்பினாலும் சில நேரம் பலன் கிடைக்கும். ஆனால் சில்லே அழிக்கப்பட்டுவிட்டால் இந்த வழிகள் உதவாது. மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தாலும் தொலைந்த சாவியைத் திரும்ப உருவாக்கித் தர முடியாது. பிட்லாக்கரை உடைத்துக் கோப்புகளை எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அவர்களால் முடிவது வட்டை அழித்து மறுபடி பயன்படுத்தத் தருவது மட்டுமே; அதை யாரும் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

கணினி நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நிர்வாகி உரிமையுடன் இதை அடித்துப் பாருங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

மறையாக்கம் இருந்தால் சாவியின் அடையாளம், 48 இலக்கம், எந்தப் பதிவேடுகள் பார்க்கப்படுகின்றன என்பது வரை எல்லாம் வரும். அந்த அடையாளம் கணக்குப் பக்கத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்தினாலும் 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பிறகு எப்போது பயோஸைப் புதுப்பித்தாலும், முன்கூட்டியே பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்:

```
manage-bde -protectors -disable C: -rebootcount 3
```

விண்டோஸ் அப்டேட் வழியாக வரும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு பெரும்பாலும் இதைத் தானே செய்துகொள்ளும். பென் டிரைவிலிருந்து பயோஸ் திரை வழியாகப் புதுப்பிப்பவர்களுக்கு இது கட்டாயம். கோப்புகள் மறையாக்கத்திலேயே இருக்கும், ஆனால் அவற்றைத் திறக்கும் சாவி அதுவரை வட்டில் வெளிப்படையாக இருக்கும். மூன்று முறை மறுதொடக்கம் ஆனதும் பாதுகாப்பு தானாகத் திரும்பிவிடும். அதுவரை கணினியை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள்.