பாராட்டு போதாது, சம்பவம் வேண்டும்

சக ஊழியரின் பதவி உயர்வுக்காக எழுதும் பரிந்துரையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர் தேவ் தத். அடுத்த படியான கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கு உயர, ஐந்தாண்டு ரகசிய அறிக்கைகளிலும் 'மிக நன்று' என்ற மதிப்பீடு இருக்க வேண்டும். 1993-94ஆம் ஆண்டு அறிக்கையில் அவருக்குக் கிடைத்தது 'நன்று' மட்டுமே. பார்க்கப்போனால் பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பாராட்டே உயர்வுக்குத் தடையாகிவிட்டது. அப்படி ஒரு சொல் எழுதப்பட்டது என்பதுகூட அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது.

அந்த வழக்கு ஊழியரின் உரிமை பற்றியது. ஆனால் பரிந்துரை எழுதுகிறவர்களும் அதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. உயர்வைத் தீர்மானிக்கிற குழு பெரும்பாலும் ஆளோடு பழகியதில்லை. அதன் முன்னால் இருப்பது காகிதம். காகிதத்தில் 'நன்று' என்றோ 'மிகச் சிறந்தவர்' என்றோ இருந்தால், அந்தச் சொல்லை எடைபோடக் குழுவிடம் தராசு கிடையாது. ஒருவர் தாராளமாகப் பாராட்டுகிறவராக இருக்கலாம், இன்னொருவர் கஞ்சனாக இருக்கலாம். சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எழுதியிருந்தால்தான் குழுவுக்குப் பிடி கிடைக்கும்.

மத்திய அரசின் ஆண்டு மதிப்பீட்டு முறையிலேயே இந்தக் கருத்து விதியாக இடம்பெற்றுள்ளது. ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தரும் அந்தப் படிவத்தில், 9 அல்லது 10 கொடுப்பவர் அதற்கான குறிப்பிட்ட சாதனைகளை எழுதிக் காட்ட வேண்டும். 1 அல்லது 2 கொடுத்தால் குறிப்பிட்ட தவறுகளைச் சொல்ல வேண்டும். பொதுவான அபிப்பிராயம் போதாது.

இதற்குக் காரணம் மனித மனத்தின் ஒரு பழக்கம். 1920இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பிடச் சொன்னாலும், ஒன்றில் உயர்வாக மதிப்பிடப்பட்டவர் மற்றவற்றிலும் உயர்வாகவே மதிப்பிடப்பட்டிருந்தார். மொத்தமாகப் பிடித்துப்போனால் எல்லாமே நன்றாகத் தெரிகிறது. பரிந்துரை படிக்கிற குழுவினருக்கு இந்தப் பலவீனம் அனுபவத்தில் தெரியும். அதனால்தான் அடைமொழிகளை அவர்கள் தள்ளிவிட்டுப் படிக்கிறார்கள்.

தனியார் அலுவலகங்களில், குறிப்பாக மென்பொருள் நிறுவனங்களில், இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பல இடங்களில் ஒருவருக்காக அவருடைய மேலாளரோ சக ஊழியரோ ஒன்றிரண்டு பக்கம் எழுதித் தர, வேறு பிரிவுகளைச் சேர்ந்த மூத்தவர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். எப்படி எழுதினால் எடுபடும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனம். வாடிக்கையாளரான ஒரு வங்கியின் கணக்குத் தீர்வு வேலையைக் கவனிக்கும் குழுவில் இருக்கிறார் மூத்த பொறியாளர் ஒருவர். மீனா என்று வைத்துக்கொள்வோம். அவரைக் குழுத் தலைவராக்கலாம் என்று உடன் வேலை பார்ப்பவர் பரிந்துரை எழுதுகிறார். முதல் நகல் இப்படி வருகிறது:

"மீனா கடின உழைப்பாளி. பொறுப்புணர்ச்சி மிக்கவர். நள்ளிரவில் அழைத்தாலும் வந்து நிற்பார். இந்த ஆண்டு மட்டும் 214 பிழைகளைச் சரிசெய்தார். அவர் இல்லாவிட்டால் இந்த வேலை ஒரு நாள்கூட ஓடாது."

நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் குழுவின் கண்ணில் ஒவ்வொரு வரியும் வேறு விதமாகத் தெரியும். 214 பிழைகள் என்பது அவர் இப்போதுள்ள வேலையை நன்றாகச் செய்கிறார் என்பதற்குச் சான்று. அதற்குச் சம்பளமும் ஊக்கத்தொகையும் இருக்கின்றன. உயர்வுக்கு வேண்டியது வேறு: அடுத்த படியில் உள்ள வேலையை இப்போதே செய்யத் தொடங்கியிருக்கிறாரா? 'அவர் இல்லாவிட்டால் ஓடாது' என்ற வரி இன்னும் ஆபத்தானது. ஒரு வேலை ஒரே ஆளை நம்பி நிற்கிறது என்றால் அந்த ஆளை அங்கிருந்து நகர்த்த யாருக்கும் மனம் வராது. மற்றவர்களைத் தயார் செய்யத் தெரியாதவர் என்ற சந்தேகமும் எழும்.

ஆகவே முதல் வேலை, பேனாவை எடுப்பதற்கு முன்பே அடுத்த பதவிக்கான பொறுப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குவது. மீனாவின் நிறுவனத்தில் குழுத் தலைவருக்கு மூன்று எதிர்பார்ப்புகள் இருப்பதாகக் கொள்வோம். தானாகப் பிரச்னையைக் கண்டு தீர்க்க வேண்டும். பிற குழுக்களை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். இளையவர்களை வளர்க்க வேண்டும். இவற்றுக்குப் பொருந்தும் சம்பவங்களை மட்டும் தேட வேண்டும். இரண்டு மூன்று கிடைத்தால் போதும். பத்து சம்பவங்களை ஒவ்வொரு வரியாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதோடு, பத்தில் மிகச் சாதாரணமான ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் குழு கேள்வி கேட்கும்.

சம்பவத்தைத் தேடும்போது நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாதங்கள்தான் வரும். ஆண்டு முழுவதுமான கடிதங்களையும் வேலைப் பதிவேடுகளையும் புரட்டினால் மறந்துபோனவை கிடைக்கும். அப்படிப் புரட்டியபோது கிடைத்த ஒரு சம்பவத்தை வைத்து இரண்டாவது நகல் எழுதப்படுகிறது:

"மாத இறுதிக் கணக்குத் தீர்வு ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்பது முறை நள்ளிரவில் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் யாராவது வந்து மறுபடி ஓடவிடுவதே வழக்கம். மீனா அந்த ஒன்பது பதிவுகளையும் ஒப்பிட்டார். வங்கியிலிருந்து வரும் கோப்பு முழுவதும் வந்து சேரும் முன்பே நம் நிரல் படிக்கத் தொடங்குவதுதான் காரணம் என்று கண்டார். நம் பக்கத்தில் பத்து நிமிடம் தாமதிக்கச் செய்வது எளிய வழி. ஆனால் கோப்பு பெரிதானால் அது மறுபடி தவறும் என்று சொல்லி, கோப்பு முடிந்ததும் ஓர் அடையாளக் கோப்பை அனுப்பும்படி வங்கியின் குழுவைக் கேட்டார். அவர்கள் முதலில் மறுத்தார்கள். ஒன்பது இரவுகளின் நேரக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் சம்மதித்தார்கள். ஜூலையில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆறு மாதங்களில் இரவில் நின்றது ஒரே முறை, அதுவும் மின்தடையால்."

இதில் ஓர் அடைமொழிகூட இல்லை. இருந்தும் படிப்பவர் தாமாகவே முடிவுக்கு வருகிறார். முன்பு நிலைமை என்ன, இவர் என்ன முடிவெடுத்தார், எளிய வழி இருந்தும் ஏன் அதை விட்டார், பிறகு என்ன மாறியது என்ற நான்கும் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது மூன்றாவதை. ஆனால் ஒருவரின் தீர்மானிக்கும் திறன் வெளிப்படுவது அங்கேதான். எண்களுக்கும் இது பொருந்தும். 'ஒரே முறை நின்றது' என்பது தனியாக ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் 'ஒன்பது முறை' இருப்பதால்தான் அது சாட்சியாகிறது. இரண்டும் ஒரே அளவுள்ள காலத்துக்கு இருப்பதும் முக்கியம். ஆறு மாதக் கணக்கை இரண்டு மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் கூர்ந்து படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

'நாங்கள்' என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. குழுவாகச் செய்த வேலையில் 'நாங்கள் தீர்த்தோம்' என்று எழுதினால் பரிந்துரைக்கப்பட்டவரின் பங்கு காணாமல் போகும். எல்லாம் அவரே செய்தார் என்று எழுதினால் பொய்யாகும். அறையில் உள்ள யாருக்காவது உண்மை தெரிந்திருந்தால் முழுப் பரிந்துரையும் கவிழும். 'நிரலை மாற்றி எழுதியவர்கள் வேறு இருவர். காரணத்தைக் கண்டதும் வங்கியைச் சம்மதிக்க வைத்ததும் மீனா' என்று பிரித்துச் சொல்வதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மாறாக நம்பகம் கூடுகிறது. வங்கித் தரப்பில் யாரைக் கேட்டால் உறுதிசெய்வார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது சம்பவம் இளையவர்களை வளர்ப்பது பற்றியது. 'நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்' என்பதற்குப் பதிலாக: "புதிதாகச் சேர்ந்த இருவருக்கு மூன்று மாதம் இரவுப் பணியில் உடனிருந்து பழக்கினார். நவம்பரில் மீனா பத்து நாள் விடுப்பில் இருந்தபோது அவர்கள் இருவருமே சமாளித்தார்கள். அவருக்கு ஓர் அழைப்புகூடப் போகவில்லை." முதல் நகலில் 'அவர் இல்லாவிட்டால் ஓடாது' என்றிருந்தது. இப்போது அவர் இல்லாமலும் ஓடியது என்பதே அவருடைய தகுதியாகிறது.

குறையைச் சொல்வதா? குழுவுக்குத் தெரிந்த குறை என்றால் சொல்லிவிடுவதே நல்லது. மீனா ஒரு வேலைக்கு நான்கு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆகியிருந்தால் அது யாராவது நினைவில் வைத்திருக்கும் விஷயம். அதை மறைத்தால் வேறொருவர் எடுத்துப்போடுவார். அடுத்த வேலையை அவர் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டதையும், சொன்ன தேதியில் முடித்ததையும் சேர்த்து எழுதினால் அது கற்றுக்கொள்கிறவர் என்பதற்கு ஒரு சான்று. அப்படிப் பின்தொடர்ச்சி இல்லாத குறையைத் தேவையில்லாமல் இழுத்துவருவது வேறு. 'சற்றே அனுபவம் குறைவு என்றாலும்' போன்ற அரைமனதான வாக்கியம் ஒன்று போதும், மூன்று சம்பவங்களின் பலமும் தளர்ந்துவிடும்.

பெண்களுக்காக எழுதும்போது இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்காக வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து, ஃப்ரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா இருவரும் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவை. சந்தேகம் கிளப்பும் சொற்றொடர்கள் அவற்றில் அதிகம். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க வேண்டியதில்லை. மீனாவின் முதல் நகலிலும் உழைப்பும் பொறுப்பும்தான் இருந்தன; தீர்மானம் எதுவும் இல்லை. சம்பவத்தைத் தேடி எழுத வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சாய்வையும் ஓரளவு சரிசெய்கிறது.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். பெயரை மறைத்துவிட்டு, அந்தத் துறையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இதே காகிதத்தை அலுவலகத்தில் வேறு யாருக்கும் பொருத்த முடியும் என்று தோன்றினால் சம்பவம் இன்னும் தெளிவாகவில்லை. தொழில்நுட்பச் சொல்லில் அவர் தடுக்கி நின்றால் குழுவில் பாதிப்பேர் தடுக்கி நிற்பார்கள்.

காலியிடமே இல்லாதபோது எந்தப் பரிந்துரையும் பலிக்காது என்பது உண்மை. அதைவிடச் சங்கடமான நிலை ஒன்று உண்டு: ஆண்டு முழுவதும் புரட்டிப் பார்த்தும் அடுத்த படிக்குரிய சம்பவம் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவது. அப்போது அடைமொழிகளால் இடத்தை நிரப்பத் தோன்றும். அப்படிச் செய்வதைவிட, எந்த எதிர்பார்ப்புக்குச் சான்று இல்லை என்பதை அவரிடமே சொல்லி, அப்படிப்பட்ட ஒரு வேலை அவர் கைக்கு வர வழிசெய்வது மேல். அடுத்த ஆண்டு எழுதும்போது சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.