‘சூப்பர் மேடம்’ போதாது

மாடித்தோட்டம் பற்றி யூடியூபில் பத்து வீடியோ போட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோராவதற்கு எதை எடுப்பது என்று பிடிபடவில்லை. பத்துக்கும் சேர்த்து 3,000 கமென்ட் வந்திருக்கிறது, படித்தால் தெரிந்துவிடாதா என்று உட்காருகிறார். “சூப்பர் மேடம்”, “செம”, “வாழ்த்துகள் அக்கா” என்று நூறு கமென்ட் தாண்டுவதற்குள் கண் சொக்குகிறது. மனசு மட்டும் நிறைந்துபோகிறது. கடைசியில், பாராட்டு அதிகம் வந்த செம்பருத்தி வீடியோவுக்கே இரண்டாம் பாகம் எடுத்துவிடுகிறார்.

பாராட்டு என்பது முடிந்துபோன வீடியோவைப் பற்றிய பேச்சு. அடுத்து என்ன வேண்டும் என்பதை ஜனங்கள் பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள். இல்லாவிட்டால் சந்தேகமாகக் கேட்பார்கள். “எங்க வீட்டு செடில வெள்ளை வெள்ளையா ஒட்டிட்டு இருக்கு, என்ன பண்றது?” என்ற ஒரு வரி, ஐம்பது ‘சூப்பர்’களைவிட அவருக்கு உபயோகமானது.

கமென்டின் தொனியைக் கணினியை வைத்துப் பிரிப்பதை உணர்வுப் பகுப்பாய்வு என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு 2014-இல் வந்த ‘வேடர்’ என்ற இலவசக் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கூட்டிக் கழித்து ஒரு வாக்கியத்துக்கு −1 முதல் +1 வரை போடும். நம் கமென்டை ஆங்கிலத்துக்கு மாற்றி அதில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். “கொன்னுட்டீங்க சார்” என்பது கொலைக் குற்றமாகிவிடும். ‘மரண மாஸ்’, ‘பயங்கரமா இருக்கு’ எல்லாவற்றுக்கும் அதே கதிதான். திட்டுகிற சொல்லை எடுத்துப் பாராட்டுவது நம் வழக்கம். அகராதி பார்த்து மதிப்பெண் போடும் கருவிக்கு இது எட்டாது.

தமிழும் ஆங்கிலமும் கலந்த கமென்டுகளுக்கென்றே 2020-இல் ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். யூடியூபிலிருந்து எடுத்த 15,744 கமென்ட், மனிதர்கள் படித்துத் தரம் பிரித்தது. அதில் 10,559 பாராட்டு வகை, 2,037 மட்டுமே எதிர்மறை. இந்த விகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘நல்ல கமென்ட்’ என்று சொல்லும் நிரல் ஒன்றை எழுதினால்கூட, அது மூன்றுக்கு இரண்டு முறை சரியாகவே சொல்லும்! ஆகவே யாராவது “எங்கள் கருவி எழுபது சதவீதம் சரி” என்றால், குறை சொன்ன கமென்டுகளில் எத்தனையைக் கண்டுபிடித்தது என்று திருப்பிக் கேளுங்கள். நமக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

மாடித்தோட்டக்காரர் அளவிலான வேலைக்குக் கருவியைவிட ஒரு எக்செல் தாளும் இரண்டு ஜோடிக் கண்களும் மேல் என்பது என் எண்ணம். கமென்டுகளைத் திரட்டுவதில் சிரமமில்லை. யூடியூப் நிரலர்களுக்குத் திறந்துவைத்திருக்கும் `commentThreads.list` என்ற வழியில் ஒரு அழைப்புக்கு நூறு வரை வரும். 3,000-க்கு முப்பது சொச்சம் அழைப்பு போதும், செலவும் கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கமென்டுக்குக் கீழே வரும் பதில்கள் அதில் முழுதாக வராது. அவற்றை `comments.list` வழியாகத் தனியே எடுக்க வேண்டும். அந்தப் பதில்களில்தான் “எனக்கும் இதே பிரச்சனை” என்பவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள்.

இனி, வீடியோவுக்கு முப்பது வீதம் குருட்டாம்போக்கில் 300 கமென்டை எடுத்துக்கொள்ளலாம். மேலே தெரிகிற முப்பதை எடுக்கக் கூடாது, அவை லைக் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: தொனி என்ன, எதைப் பற்றி, என்ன கேட்கிறார். இருவர் தனித்தனியாக நிரப்பிவிட்டு ஒப்பிட வேண்டும். “நல்லா சொன்னீங்க, ஆனா எனக்கு ஒண்ணும் வரல” என்பதை ஒருவர் பாராட்டில் போட்டிருப்பார், இன்னொருவர் குறையில் போட்டிருப்பார். சண்டை வேண்டாம், ‘கலப்பு’ என்று தனியாக ஒரு பெட்டி வைத்துவிடலாம். அதுதான் பின்னால் மிகவும் பயன்படும் பெட்டி.

எந்த விஷயம் எத்தனை முறை வருகிறது என்று மொத்த 3,000-இலும் தேடும்போது எழுத்துக்கூட்டல் படுத்தும். மாவுப்பூச்சி என்ற ஒன்றையே ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள், பாதிப் பேர் ஆங்கில எழுத்தில். தேடும் வடிவத்தை இப்படி எழுதலாம்:

```
ma+vu?\s*p+[ou]+[ch]+i|mealy\s*bug|மாவு(ப்)?\s*பூச்சி
```

கடைசியில் ‘ப்’ அடைப்புக்குள் இருப்பதைப் பாருங்கள். நம் கண்ணுக்கு ‘ப்’ ஓரெழுத்து. கணினிக்கு அது ‘ப’வும் புள்ளியுமாக இரண்டு. அடைப்பு போடாமல் விட்டால் கேள்விக்குறி புள்ளியை மட்டும்தான் பிடிக்கும், ‘மாவு பூச்சி’ என்று எழுதியவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்ணிக்கைதான் சத்தமில்லாமல் குறையும்.

சரி, கணக்கு முடிந்தது. பாராட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூன்று விஷயங்கள் மேலே நிற்பதாக வைத்துக்கொள்வோம். மண் கலவை பற்றி 310 கமென்ட், மாவுப்பூச்சி பற்றி 220, எலுமிச்சை வளர்ப்பு வேண்டும் என்று 180. அப்படியானால் மண் கலவைதானே அடுத்த வீடியோ?

அவசரப்படக் கூடாது. அந்த 310-ஐ வீடியோ வாரியாகப் பிரித்தால் 260 ஒரே வீடியோவின் கீழ் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கோகோபீட், மண்புழு உரம், செம்மண் மூன்றையும் கலக்கச் சொன்னவர், எது எத்தனை பங்கு என்று சொல்ல மறந்திருக்கிறார். ஜனங்கள் புதிய தலைப்பு கேட்கவில்லை. விட்டுப்போன ஒரு வரியைக் கேட்கிறார்கள். அந்த வீடியோவின் கீழ் விகிதத்தை எழுதி, மேலே பின் செய்து வைத்தால் தீர்ந்தது.

எலுமிச்சையில் வேறு சங்கதி. கமென்டை எண்ணாமல் ஆட்களை எண்ணினால் 180 பேர் இல்லை, வெறும் 25 பேர். அவர்களில் இரண்டு பேர் எல்லா வீடியோவிலும் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசைதான், அதில் தப்பில்லை. ஆனால் அது இரண்டு பேரின் ஆசை.

மாவுப்பூச்சியோ பத்தில் ஏழு வீடியோவின் கீழ் வருகிறது. செம்பருத்திக்குக் கீழே வருகிறது, கத்தரிக்காய்க்குக் கீழே வருகிறது, பூச்சிக்குச் சம்பந்தமே இல்லாத தொட்டி வாங்கும் வீடியோவிலும் வருகிறது. எழுதியவர்களும் வேறு வேறு ஆட்கள். எந்தத் தலைப்பைப் பார்க்க வந்தாலும் ஒரே தொல்லையோடு வருகிறார்கள் என்றால், அடுத்த வீடியோவுக்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஒரு தொடரின் எல்லா வீடியோக்களையும் சேர்த்துப் பார்ப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றிலும் இருபது முப்பது கமென்டாகக் கரைந்து போயிருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. பார்ப்பவர்களில் கமென்ட் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் மனசில் இருப்பது இங்கே பதிவாகாது. அதனால் யூடியூப் ஸ்டூடியோவில், எந்தச் சொல்லைத் தேடி இந்த சேனலுக்கு வந்தார்கள் என்ற பட்டியலோடு ஒருமுறை ஒத்துப்பார்த்துவிடுவது நல்லது. இரண்டு இடத்திலும் மாவுப்பூச்சி இருந்தால் தயங்காமல் கேமராவை எடுக்கலாம்.

வீடியோ பலித்ததா என்பதை அதற்கு வந்த ‘சூப்பர்’களை வைத்துப் பார்க்கக் கூடாது. அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மற்ற வீடியோக்களின் கீழ் மாவுப்பூச்சிப் புலம்பல் குறைகிறதா என்று அதே வடிவத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டும்போது, “நீங்க சொன்ன மாதிரி வேப்பெண்ணெய் அடிச்சேன் மேடம், மத்தியானம் அடிச்சேன், இலையெல்லாம் கருகிடுச்சு” என்று நாலைந்து வேறு வேறு வீடியோவிலிருந்து ஆட்கள் எழுதியிருந்தால், அவர் தாளில் புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான்.